பாக்கெட்டில் இல்லாத வரி

ஊதா நிறம் மஞ்சளாவதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இதுவா வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். தூத்துக்குடி பைபாஸை ஒட்டி, உப்பளங்களுக்கு இந்தப் பக்கம், முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கிப் பாக்கெட்டில் அடைக்கும் ஒரு சின்னக் கம்பெனி. பாதிச் சரக்கு ஹார்பர் வழியாக வெளிநாட்டுக்குப் போகிறது, மீதி உள்ளூர்க் கடைகளுக்கு. அங்கே லேப் என்று சொல்லப்படுகிற கண்ணாடி அறை ஒன்று இருக்கிறது. அந்த அறைக்கு நான் மட்டும்தான் ஆள்.

அந்த அறையின் ஜன்னல் திறக்காது. திறந்தால் உப்புக் காற்று வந்து பொடியில் ஈரம் ஏறிவிடும் என்று ஸ்குரூ போட்டு மூடிவிட்டார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. பாக்கெட் ஒட்டுகிற பெண்களுக்கு நான் தெரிவேன், எனக்கு அவர்கள் தெரிவார்கள், ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. முதல் வருஷம் தொட்டியில் போட்ட மீன் மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அந்த ஊதா நிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கியது. காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் நமக்கு உயிர். அதே ஆக்ஸிஜன்தான் எண்ணெயைக் காறவைக்கிறது, கருவாட்டின் கொழுப்பை மஞ்சளாக்கி நெடியேற்றுகிறது. அப்படிக் கெடும்போது நடுவில் ஓர் எலக்ட்ரான் குறைந்த துணுக்குகள் உண்டாகும். குறைந்ததை அது பக்கத்து மூலக்கூறிடமிருந்து பிடுங்கும். பிடுங்கக் கொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். இப்படியே சங்கிலியாகப் போகும். நடுவில் ஒன்று வந்து, 'இந்தா, என்னுடையதை வைத்துக்கொள்' என்று கொடுத்துவிட்டு, தான் யாரிடமும் பிடுங்கப் போகாமல் அடங்கி உட்கார்ந்தால் சங்கிலி அறுந்துவிடும். அப்படிக் கொடுப்பதற்குப் பெயர்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். வைட்டமின் சி அப்படி ஒன்று, வைட்டமின் ஈ அப்படி ஒன்று, கீரையிலும் தேயிலையிலும் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு நம்பர் போட்டிருப்பார்கள். அது எண்ணெய் காறாமலிருக்கப் போட்ட சரக்கு. அதைப் பார்த்தால் 'ஐயோ கெமிக்கல்' என்பார்கள். அதே சொல்லை எங்கள் பாக்கெட்டின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

என் டெஸ்டில், எலக்ட்ரான் குறைந்த ஓர் ஊதாப் பொடியை மெத்தனாலில் கரைத்து வைத்திருப்பேன். நாவல்பழச் சாறு போல இருக்கும். அதில் முருங்கைப் பொடியின் சாற்றைக் கொஞ்சம் விட்டு இருட்டில் அரை மணி நேரம் வைத்தால் ஊதா போய் மஞ்சளாகும். எவ்வளவு ஊதா போயிற்று என்று மெஷின் அளந்து சதவீதமாகச் சொல்லும். சாறு எவ்வளவு விடுகிறோமோ அதற்கேற்ப அந்தச் சதவீதம் மாறும். கூட விட்டால் கூட வரும். இதைப் புரிந்துகொள்ள எம்.எஸ்ஸி. தேவையில்லை.

எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பனங்காட்டுப் பக்கத்துக்காரர், பலசரக்குக் கடையில் தொடங்கி இங்கே வந்தவர். கெட்ட மனுஷர் இல்லை. ஒரு நாள் லேப் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்.

"ஏம்மா, நம்ம பொடில ஆன்டிஆக்ஸிடன்ட் எத்தன பெர்சன்ட் இருக்கு?"

"அப்படிச் சொல்ல முடியாது அண்ணாச்சி. டியூபுல தொண்ணூறு பெர்சன்ட் நிறம் போயிருக்கு. அவ்வளவுதான்."

"தொண்ணூறுன்னு சொல்லுதல்லா? அது போதும்."

கதவு மூடிவிட்டது. பத்து நாளில் பாக்கெட் ரோல் அச்சாகி வந்தது. 'தொண்ணூறு சதவீத ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி. இதயத்தின் காவலன். ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி.' ஓரத்தில் ஒரு கட்டம், போனில் ஸ்கேன் பண்ணினால் அந்த பேட்சின் லேப் ரிப்போர்ட் திறக்கும். ரிப்போர்ட்டின் அடியில் என் கையெழுத்து.

ரோலைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆரஞ்சுக் கணக்கு பச்சை இலைக்கு. காயவைத்தால் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். அப்படியே ஏதாவது மிஞ்சினாலும் கணக்குப் போடுவது நூறு கிராமுக்கு. யார் நூறு கிராம் பொடியைத் தின்கிறார்கள்? ஒரு ஸ்பூன் போடுவார்கள். டியூபில் நடப்பது வயிற்றில் அப்படியே நடக்காது. குடலில் கொஞ்சம்தான் ஏறும், ஏறியதையும் ஈரல் வேறொன்றாக மாற்றிவிடும். உடம்புக்கு இதற்கென்று சொந்த ஏற்பாடு வேறு இருக்கிறது. பிடுங்குகிற துணுக்குகளைக்கூட அது முழு எதிரியாக நினைப்பதில்லை, கிருமியைக் கொல்ல அதையே பயன்படுத்திக்கொள்கிறது. சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இந்த வகைச் சத்து ஒன்றை மாத்திரையாக நிறையக் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியதே தவிரக் குறையவில்லை என்று படித்திருக்கிறேன். இதெல்லாம் பாக்கெட்டில் இல்லை. பாக்கெட்டில் இல்லாததை எல்லாம் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொன்னது ஒரே வரி: "அண்ணாச்சி, இத இப்படிப் போடக் கூடாது."

"ரோல் அடிச்சாச்சேம்மா," என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட்டில் பொய் எதுவும் இல்லையே, டியூபில் வந்ததைத்தானே எழுதியிருக்கிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் நானும் அப்பாவும்தான். கணவர் கப்பலில் வேலை, எட்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அப்பா ஹார்பரில் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். சத்தமில்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அது டிக் டிக் என்று கேட்கும். அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டாமலிருக்க வார்ஃபரின் என்ற மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். மாசம் ஒரு தடவை ரத்தத்தை டெஸ்ட் பண்ணி, உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று ஓர் எண் சொல்வார்கள். அப்பாவுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி உண்டாகி மூளைக்குப் போகலாம். கூடினால் எங்கேயாவது ரத்தம் கசியலாம்.

கீரையில் வைட்டமின் கே நிறைய. அது ரத்தம் உறைய உதவுவது, மாத்திரை செய்வதற்கு நேர் எதிர். டாக்டர் சொன்னதென்னவோ "கீரை ஒரே அளவா சாப்பிடுங்க, திடீர்னு கூட்டாதீங்க" என்றுதான். ஆனால் நாங்கள் யார்? கீரையையே நிறுத்தினோம். கொல்லையில் நின்ற முருங்கை மரத்தை அப்பாவே ஆள் வைத்து வெட்டினார், கண்ணில் பட்டால் ஆசை வரும் என்று. மகள் நாளெல்லாம் முருங்கைப் பொடியில் புரண்டுவிட்டு வருவாள், வீட்டில் ஒரு இலை கிடையாது. அதை வைத்து நாங்கள் இருவரும் சிரித்துக்கொள்வோம்.

போன வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் அப்பாவின் எண் ஒன்று புள்ளி ஒன்பதுக்கு வந்தது. ஐந்து வருஷத்தில் அவ்வளவு இறங்கினதில்லை. டாக்டர் கேட்டார்.

"புதுசா மாத்திரை எதுவும்?"

"இல்ல சார்."

"கீரை?"

"கீரையா? மரத்தையே வெட்டிட்டோம் சார்," என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பத்து நாளில் மறுபடி பார்த்தால் ஒன்று புள்ளி ஆறு. டாக்டரின் முகம் மாறியது. மாத்திரையை இன்னும் கூட்டி, நாலு நாளில் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டியிருக்கும் என்றார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அப்பா என்னிடம் கேட்டார், "ஏளா, வால்வுல கட்டி வந்தா டிக் டிக் சத்தம் நின்னுருமா?" நான் "சும்மா இருங்கப்பா" என்று எரிந்து விழுந்தேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்த நாட்களில் வேலைக்குப் போனாலும் வீட்டில்தான் இருந்தேன், வீட்டில் இருந்தாலும் அந்தக் கண்ணாடி அறையில்தான் இருந்தேன். காலையில் அப்பாவை ஒரு தடவை சிரிக்கச் சொல்வேன், பக்கவாதம் வந்து வாய் கோணுகிறதா என்று பார்க்க. கையைத் தூக்கச் சொல்வேன். "என்னளா, டிரில் மாஸ்டர் மாதிரி" என்பார். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கவும் முடியாது, லீவும் தீர்ந்திருந்தது. எங்கே போனாலும் ஒரு மூடின கதவு.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவின் டம்ளரைக் கழுவ எடுத்தேன். அடியில் பச்சையாக ஒரு வண்டல். முகர்ந்து பார்த்தேன். பத்து வருஷமாக என் சேலையில், என் முடியில், என் சாப்பாட்டு டப்பாவில் இருக்கிற வாடை. எனக்கு அதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம்.

அவருடைய அலமாரியில், சட்டைகளுக்குப் பின்னால் மூன்று பாக்கெட். இரண்டு காலி. ஒட்டு சரியில்லாமல் ஒதுக்கினதை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்று நான்தான் கொண்டுவந்து பரணில் போட்டிருந்தேன்.

"எத்தன நாளா?"

அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணரை மாசம் இருக்கும். மொதல்ல ஒரு ஸ்பூன். எண்ணு எறங்கிட்டுன்னு டாக்டர் சொன்னாருல்லா, அதுக்கப்புறம் மூணு ஸ்பூனா ஆக்கினேன். இதயத்துக்குக் காவல்னு போட்டிருந்துச்சு."

"கீரை சாப்பிட்டீங்களான்னு டாக்டர் கேட்டப்ப இல்லன்னீங்களே!"

"கீரை சாப்பிடலையே. இது ஆன்டிஆக்ஸிடன்ட்லா?"

"இது முருங்கைக் கீரை அப்பா! காஞ்ச முருங்கைக் கீரை! வேற என்னன்னு நினச்சீங்க?"

"முருங்கைன்னு தெரியும்ளா. எனக்கென்ன தெரியாதா?" அவருக்கும் கோபம் வந்துவிட்டது. அப்புறம் குரல் இறங்கியது. "நீ டெஸ்ட் பண்ணுதல்லா? ஆகாததை எல்லாம் எடுத்துப்போட்டு, நல்லதை மட்டும் வச்சிருப்பேன்னு நினச்சேன். அந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணிப் பாத்தேன். அடியில ஒன் கையெழுத்து இருந்துச்சு. பெறகு எனக்கு என்ன பயம்?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன். டெஸ்ட் என்றால் அளப்பது, சுத்தம் பண்ணுவது இல்லை என்று பத்து வருஷத்தில் ஒரு நாளாவது இந்த மனுஷரிடம் சொல்லியிருக்கிறேனா? தொண்ணூறு என்று எழுதினேன், வைட்டமின் கே என்று ஓர் எழுத்து எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. இலை காயும்போது வைட்டமின் சி போய்விடும், வைட்டமின் கே அப்படிப் போகாது. தண்ணீர் போனதும் ஸ்பூனுக்கு ஸ்பூன் இன்னும் கெட்டியாகிவிடும். அதுவும் எனக்குத் தெரியும். என் அப்பாவைக் கொல்லப் பார்த்தது நான்தான் என்று அப்போது தோன்றியது. இன்றைக்கும் அது முழுசாகப் போய்விடவில்லை.

மூன்றாவது பாக்கெட்டையும் எடுத்துக் குப்பையில் கொட்டப் போனவள் பாதியில் நின்றேன். மாத்திரையை இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். எதற்காக? இந்தப் பொடியை எதிர்த்து நிற்பதற்காக. பொடியை இன்று நிறுத்தினால் அந்தக் கூடுதல் மாத்திரைக்கு எதிரே ஆள் இருக்காது. எண் மேலே ஏறும். எவ்வளவு ஏறும்? தொடர்ந்து கொடுத்தால் வால்வில் ரத்தம் உறையலாம், நிறுத்தினால் மூளையில் ரத்தம் கசியலாம். கையில் பாக்கெட்டோடு அடுக்களையில் நின்றேன். கொடுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

டாக்டரைப் போனில் பிடித்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பொடியை நிறுத்தி மாத்திரையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். இன்றைக்கு மாற்றுவது ரத்தத்தில் முழுசாகத் தெரிய சில நாள் ஆகும், அதுவரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை டெஸ்ட், ஈறில் ரத்தம், மலம் கறுப்பு, தலைவலி எது வந்தாலும் ஓடி வர வேண்டும், கீழே விழக் கூடாது என்றார். நாங்கள் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீங்க அந்தக் கம்பெனில கெமிஸ்ட்னு சொன்னீங்கல்ல?" என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பத்து நாள் மழை. டெஸ்டுக்குத் தவிர அப்பாவை வாசல்படி தாண்ட விடவில்லை. சவர பிளேடை எடுத்து ஒளித்து வைத்தேன். பாத்ரூமில் கோணி விரித்தேன். பல் தேய்த்துத் துப்புவதை எட்டிப் பார்ப்பேன். "என்னை ஜெயில்ல போட்டுட்டியேளா" என்பார். எண் மூன்றுக்கு வந்தது, நிற்காமல் நாலு புள்ளி இரண்டுக்குப் போனது, ஒரு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. அப்புறம் மூன்று புள்ளி ஒன்று. டாக்டர் தாளை நீட்டியபோது அங்கேயே அழுதேன். அப்பா மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று என் முதுகில் தட்டினார்.

மறுநாள் அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நிஜமாகவே பதறினார், அப்பாவுக்கு இப்போது எப்படி என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் நான் விஷயத்துக்கு வந்தேன்.

"பாக்கெட்டுல ஒரு வரி போடணும் அண்ணாச்சி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கேக்காம சாப்பிடக் கூடாதுன்னு."

"ஏம்மா, முருங்கைக் கீரைக்கு எச்சரிக்கையா? ஊரே சாப்பிடுது. நானும் தினமும் காலைல ஒரு ஸ்பூன் சாப்பிடுதேன்."

"ஊரே சாப்பிடுது, கீரைன்னு தெரிஞ்சு சாப்பிடுது. நாம இத கீரைன்னு விக்கலையே."

"குடோன்ல ஆறு மாசத்துக்கு ரோல் கெடக்கு. அது தீரட்டும். அடுத்த ரோல்ல பாத்துக்கிடலாம்." அவர் சொன்ன விதத்தில் மறுப்பு இல்லை, ஆனால் அடுத்த ரோலும் இல்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. ஷிஃப்ட் இல்லாமல், வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில், அப்பா கூப்பிட்டால் ஓடி வருகிற தூரத்தில் இன்னொரு லேப் இந்த ஊரில் எனக்கு எங்கே இருக்கிறது? வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு என் கண்ணாடி அறைக்குத் திரும்பினேன்.

அன்றைக்கு ஒரு பேட்ச் ரிப்போர்ட் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பாக்கெட் அண்ணாச்சியுடையது, ரிப்போர்ட் என்னுடையது. கையெழுத்துக்கு மேலே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் எப்போதும் காலியாகக் கிடக்கும். அதில் தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்தேன். 'இது காய்ந்த முருங்கைக் கீரை. மேலே உள்ள சதவீதம் கண்ணாடிக் குழாயில் அளந்தது, உடம்பில் அல்ல. இதில் வைட்டமின் கே அதிகம். வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.' அண்ணாச்சி வந்து முதல் பக்கத்தில் தொண்ணூறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார். ரிப்போர்ட்டை நானே ஏற்றினேன். அன்று வீட்டுக்குப் போகும்போது பல நாள் கழித்து மூச்சு ஒழுங்காக வந்தது.

அந்தக் குறிப்போடு இதுவரை ஏழு பேட்ச் போயிருக்கிறது. ஆயிரக்கணக்கான பாக்கெட். ரிப்போர்ட் ஏற்றுகிற பக்கத்தில், ஒவ்வொன்றையும் எத்தனை தடவை திறந்தார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் காட்டும். போன வாரம்தான் அதைக் கவனித்தேன். அப்பா சாப்பிட்ட அந்தப் பழைய பேட்சுக்கு முப்பத்தொன்று. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

"நான்தான்ளா. பீச்சுல வாக்கிங் வாரவன்கிட்ட எல்லாம் எம் மக கையெழுத்துன்னு காட்டுவேன்."

குறிப்புப் போட்ட ஏழுக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றுதான் இருந்தது. சரியாக ஏறியிருக்கிறதா என்று நான் திறந்து பார்த்தது.